2,999 ரூபாய்க்கு 5 கோயில், 1 அருவி! சங்கரன்கோவில் வார இறுதி டூர் நோட்டீஸில் எழுதாமல் விடுவது என்ன?

‘பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும், கழுகுமலை, தென்காசி, குற்றாலம்! 2 நாள். உணவு, தங்குமிடம் உட்பட தலைக்கு ரூ.2,999 மட்டுமே. சீட் சிலவே, முந்துங்கள்! நிபந்தனைகளுக்கு உட்பட்டது.’

வியாழக்கிழமை ஆனால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இந்த ரக நோட்டீஸ் ஒன்று வந்து விழும். பின்னணியில் நுரை பொங்கும் அருவிப் படம், மூலையில் கோமதி அம்மன். சென்னையில் இருக்கும் மகன், ‘அம்மா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காங்களே’ என்று பத்து நிமிடத்தில் நாலு பேருக்குப் பணம் அனுப்பிவிடுவார். அதன்பிறகுதான் கேள்விகள் ஆரம்பிக்கும். காலையில் குளிக்க இடம் உண்டா? அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால்? பாட்டிக்குக் காய்ச்சல் வந்தால் பணம் வருமா?

இந்தக் கேள்விகளுக்கான பதில் நோட்டீஸிலேயே இருக்க வேண்டும். அப்படி எழுதினால் ஆள் சேராது என்று டிராவல்ஸ்காரர்கள் பயப்படுவது உண்டு. சங்கரன்கோவிலையே எடுத்துக்கொண்டு, ஒரு சனி, ஞாயிறை மணிக்கணக்கிலும் ரூபாய்க் கணக்கிலும் பிரித்துப் பார்த்தால் அந்தப் பயம் எவ்வளவு தேவையற்றது என்று தெரியும்.

மதியம் நடை சாத்தும் ஊரில்...

சென்னைக்காரர்களுக்கு இந்த ஊர் வார இறுதிக்கென்றே அமைந்த மாதிரி. வெள்ளி இரவு எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால், சனி காலை ஏழு மணி வாக்கில் சங்கரன்கோவில். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மேல் அதே பொதிகையைத் திரும்பப் பிடித்தால் திங்கள் காலை சென்னை. கையில் கிடைப்பது இரண்டு முழுப் பகலும் ஒரு இரவும்.

கேட்க நிறையத்தான் தெரிகிறது. ஆனால், நம் கோயில்களில் பெரும்பாலானவை மதியம் நடை சாத்தி மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். அதனால் கோயில் டூரில் ஒரு பகல் என்பது உண்மையில் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். நோட்டீஸ் எழுதுகிறவர் வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்ப்பார். இந்த இடைவெளியைப் பார்க்க மாட்டார்.

பஞ்சபூதத் தலங்கள் என்றதும் காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று நினைக்க வேண்டாம். சங்கரன்கோவிலைச் சுற்றியே ஐந்து கோயில்களை அப்படிச் சொல்வார்கள். சங்கரன்கோவில் நிலம். கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயில் நெருப்பு. தாருகாபுரம் நீர். தென்மலை காற்று. தேவதானம் ஆகாயம். மகாசிவராத்திரி அன்று இரவெல்லாம் கோயில் திறந்திருக்கும் என்பதால், அந்த ஒரு நாளில் ஐந்தையும் சுற்றி வரும் பக்தர்கள் உண்டு. மற்ற நாளில் கதை வேறு.

சனிக்கிழமையை நடத்திப் பார்ப்போம். ஏழு மணிக்கு ரயில் இறங்கி, லாட்ஜுக்குப் போய், பத்துப் பேர் குளித்து, டிபன் சாப்பிட்டுக் கிளம்ப ஒன்பது மணி. (லாட்ஜில் அறை கைக்கு வரும் நேரம் பல இடங்களில் மதியம் 12 மணி. காலை ஏழு மணிக்கு வருகிறவர்களுக்கு எத்தனை அறை திறந்துவிடுவார்கள் என்பதைக் கேட்காத பேக்கேஜில், முதல் சண்டை குளியலறை வாசலில்தான்.)

சங்கரன்கோவிலில் ஒரு சந்நிதி பார்த்துவிட்டுக் கிளம்ப முடியாது. சங்கரலிங்கர், பாதி சிவனும் பாதி திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணர், கோமதி அம்மன் என்று மூன்று சந்நிதிகள். பிராகாரம் சுற்றி, புற்றுமண் பிரசாதம் வாங்கி, நாகசுனையை எட்டிப் பார்த்து வெளியே வர, கூட்டமில்லாத நாளிலேயே ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமைக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வதே நல்லது. மணி 11. அங்கிருந்து ராஜபாளையம் சாலையில் 11 கிலோமீட்டர் தொலைவில் கரிவலம்வந்தநல்லூர். 11.20-க்குப் போய் நிதானமாக வணங்கி முடிக்கும்போது நடை சாத்தும் நேரம் நெருங்கிவிடும். ஆக, காலையில் இரண்டு கோயில். அவ்வளவுதான்.

மீதி மூன்றும் மாலைக்கு. தாருகாபுரம், தென்மலை இரண்டும் சிவகிரி பக்கம். தேவதானம் அதையும் தாண்டி, சேத்தூர் அருகே. நாலரைக்குத் தாருகாபுரம், ஐந்தரைக்குத் தென்மலை, ஏழு மணிக்குள் தேவதானம் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். ஆனால், இவை பெரிய ஊர்க் கோயில்கள் அல்ல. கிராமத்துக் கோயிலில் குருக்கள் பூஜை முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். முதல் நாளே போன் போட்டு, ‘நாளைக்கு சாயங்காலம் பத்துப் பேர் வர்றோம் சாமி’ என்று சொல்லிவைக்காத டூரில், பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். அதையும் ‘தரிசனம்’ என்று கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

வண்டியில் இளவட்டங்கள் மட்டும் என்றால் ஐந்தும் முடியும். எழுபது வயதில் ஒருவர் இருந்தால், ஏறி இறங்கவே ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் கூடும். அதனால் நேர்மையான நோட்டீஸ் சனிக்கிழமைக்கு நான்கு கோயிலை உறுதியாகச் சொல்லும். தேவதானத்தை ‘நேரம் இருந்தால்’ என்று தனியாக எழுதும். ‘இருந்தால்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக யாரும் டூரை விட்டுவிடப் போவதில்லை.

அருவிக்கு யார் பொறுப்பு?

ஞாயிறு இன்னும் சிக்கல். குற்றாலம் சங்கரன்கோவிலிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பினால் குளியல், டிபன் முடித்து, தென்காசி காசிவிஸ்வநாதர் கோயிலை நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம். மதியச் சாப்பாடும் ஆயிற்று. இதற்குமேல் கழுகுமலைக்கும் போக வேண்டுமென்றால், தென்காசியிலிருந்து சங்கரன்கோவில் வழியாக 60 கிலோமீட்டர் போய், மறுபடி 20 கிலோமீட்டர் திரும்ப வந்து ரயிலைப் பிடிக்க வேண்டும்.

கழுகுமலை அரை மணி நேரத்தில் முடித்துவிடும் இடமும் அல்ல. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாண்டியர் காலத்தில் செதுக்கிய வெட்டுவான் கோயில், பாதியில் நின்றுபோன நிலையில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் பாறை முழுக்கச் சமணச் சிற்பங்கள். மலை ஏறி இறங்க வேண்டும். பிற்பகல் வெயிலில் பாறை கொதிக்கும். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் ரயிலை நினைத்துக்கொண்டு பார்க்கக் கூடாத இடம். குற்றாலம் அல்லது கழுகுமலை, ஏதாவது ஒன்று என்று வைத்தால் ஞாயிறு நிம்மதியாக இருக்கும்.

எதை வைப்பது என்பதை மாதம் சொல்லும். குற்றாலச் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் தண்ணீர் உண்டு. கோடையில் பாறைதான் தெரியும். ஏப்ரல் மாத டூருக்கு ஜூலை மாத அருவிப் படத்தைப் போடுவது, கடையில் ஒரு புடவையைக் காட்டி வேறொன்றை மடித்துக் கொடுப்பதற்குச் சமம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்டதைத்தான் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. கோடையில் கழுகுமலையை அதிகாலைக்கு மாற்றிவைத்து, குற்றாலத்தை விட்டுவிடுவதே ஒழுங்கான டூர்.

தண்ணீர் இருக்கும் மாதத்திலும் குளியலுக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. வானம் வெளுத்துக் கிடக்கும்போதே தண்ணீர் கலங்கி வரும். அதனால்தான் நீர்வரத்து கூடியதும் குளிக்கத் தடை போடுகிறார்கள். அந்தத் தடை சில மணி நேரமும் இருக்கலாம், சில நாளும் இருக்கலாம்.

எனவே ‘குற்றாலக் குளியல்’ என்று நோட்டீஸில் எழுதவே கூடாது. ‘குற்றாலம் போகிறோம். குளிக்க அனுமதி இருந்தால் குளிக்கலாம். தடை இருந்தால் அருவியைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, அந்த நேரத்தில் இன்ன இடத்துக்குப் போவோம்’ என்று மாற்று இடத்தின் பெயரோடு எழுத வேண்டும். தடை போட்ட பிறகு, ‘காசு கொடுத்து வந்திருக்கோம்ல, வேற அருவிக்கு விடுங்க’ என்று டிரைவரை நெருக்குவது நடக்கும். நோட்டீஸில் முதலிலேயே எழுதியிருந்தால், டிரைவர் அதைக் காட்டித் தப்பிக்கலாம்.

2,999 எப்படி வந்தது?

இனி ரூபாய்க்கு வருவோம். பத்துப் பயணிகள், 12 சீட் வேன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தத் தொகைகள் கணக்குப் புரிவதற்கான உதாரணம்தான். டீசல் விலைக்கும் சீசனுக்கும் ஏற்ப மாறும்.

இரண்டு நாளைக்கு வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் சேர்த்து 14,000. இருவருக்கு ஒன்று வீதம் ஐந்து அறை, அறைக்கு 1,800 என்றால் 9,000. சாப்பாடு ஆளுக்கு 600: இரண்டு காலை டிபன் 160, இரண்டு மதியச் சாப்பாடு 300, ஓர் இரவு டிபன் 140. பத்துப் பேருக்கு 6,000. கூடவே வந்து கோயில், லாட்ஜ், சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 2,000. டிராவல்ஸ் லாபம் 4,000. மொத்தம் 35,000. தலைக்கு 3,500.

அதாவது ஒரு ஆளின் 3,500 ரூபாயில் வேன் 1,400, அறை 900, சாப்பாடு 600, கூட வரும் ஆள் 200, லாபம் 400.

அப்படியானால் 2,999 எங்கிருந்து வந்தது? அறையில் இருவருக்குப் பதில் நால்வர் வரை படுக்கவைத்தால் மூன்று அறை போதும், தலைக்கு 360 மிச்சம். 3,140 ஆகிவிட்டது. ஞாயிறு மதியச் சாப்பாட்டை ‘அவரவர் செலவு’ என்று தள்ளிவிட்டால் 2,990. லாபம் ஒரு பைசா குறையாமல் 2,999-க்குள் வந்துவிட்டது. நால்வர் அறை என்பதில் தப்பே இல்லை. ஒரே குடும்பம் என்றால் அதுதான் வசதியும்கூட. ஆனால், ‘தங்குமிடம் உட்பட’ என்ற இரண்டு வார்த்தைக்குள் அதை ஒளித்துவைத்து, தெரியாத நாலு பேரை ராத்திரி பத்து மணிக்கு ஒரே அறையில் விடுவதுதான் தப்பு.

ஆகவே எது அடங்கும் என்பதை எண்ணிக்கையோடு எழுத வேண்டும். அறையில் எத்தனை பேர், கட்டிலா மெத்தையா, வெந்நீர் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, எத்தனை வேளைச் சாப்பாடு, அதில் சைவம் மட்டுமா என்பதெல்லாம் வேண்டும். (சனி இரவு சங்கரன்கோவில் பிரியாணியை ஒரு கை பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் உண்டு. கோயில் டூரில் அது சேராது என்றால் சொல்லிவிட வேண்டும். அவர்கள் செலவில் தனியாகப் போய்ச் சாப்பிட்டுக்கொள்வார்கள்.) அடங்காததையும் அதே எழுத்து அளவில் எழுத வேண்டும்: சென்னை ரயில் டிக்கெட், கோயிலில் அர்ச்சனை, சிறப்பு தரிசனக் கட்டணம், தண்ணீர் பாட்டில், காபி.

ஜிஎஸ்டியிலும் ஒரு விளையாட்டு நடக்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ள டூர் ஆபரேட்டர் பேக்கேஜ் தொகையில் 5 சதவிகிதம் வாங்குவார். 3,500-க்கு 175. ஆக, உண்மையான விலை 3,675. நோட்டீஸில் 3,500 என்று போட்டு, பணம் கட்டும் நேரத்தில் வரி, ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒவ்வொன்றாக ஏற்றக் கூடாது. ஆன்லைனில் இப்படிச் சொட்டுச்சொட்டாக விலையைக் கூட்டுவதையும், ‘இன்னும் 2 சீட்தான்’ என்று இல்லாத அவசரத்தைக் காட்டுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ம் தேதி வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. சுற்றறிக்கை பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து வந்ததுபோலத் தோன்றலாம். ‘முந்துங்கள்’ நோட்டீஸும் அதே சரக்குதான்.

வேனின் நம்பர் பிளேட்டையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் போர்டு. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியில் பயணிகளை ஏற்றிக் காசு வாங்கினால் அது பர்மிட் இல்லாத ஓட்டம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

‘நோ ரீஃபண்ட்’ என்பது உண்மையா?

ரத்து விதிகளுக்கு வந்தால், பல நோட்டீஸ்களில் ஒரே வரிதான்: ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது.’ மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால், இந்த வரி கணக்குக்கே பொருந்தவில்லை.

ஒரு ஆள் வராவிட்டாலும் வேன் அதே வேன், வாடகை குறையாது. கூட வரும் ஆளுக்கும் அதே சம்பளம். அறை? இருவரும் வராவிட்டால் ஓர் அறையை விட்டுவிடலாம். ஒருவர் மட்டும் வராவிட்டால் மற்றவர் அதே அறையில்தான் தங்குவார், லாட்ஜ்காரர் முழு வாடகை கேட்பார். ஆனால் சாப்பாடு? வராதவருக்கு இலை போடப் போவதில்லை. முதல் நாள் சொன்னால்கூட அந்த 600 ரூபாய் செலவாகாது. ‘நோ ரீஃபண்ட்’ என்றால், பாட்டி சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பாட்டியிடம் காசு வாங்குவதாகத்தான் அர்த்தம்.

இந்தக் கணக்கிலிருந்தே நியாயமான ரத்து விதி தானாக வந்துவிடும். பத்து நாளுக்கு முன்பே சொன்னால் எதற்கும் பணம் கொடுத்திருக்க மாட்டார்கள். போன், பதிவு வேலைக்காக 200 ரூபாய் பிடித்துக்கொண்டு 3,300 திருப்பித் தரலாம். ஒன்பது முதல் நான்கு நாளுக்குள் என்றால் வேனைப் பேசி முடித்திருப்பார்கள். வேன் பங்கு 1,400, கூட வரும் ஆளின் பங்கு 200 போக, அறையை லாட்ஜில் விட முடிந்தால் 1,900 திரும்ப வர வேண்டும். மூன்று நாளுக்குள் என்றால் லாட்ஜும் வாடகையை விடாது. சாப்பாட்டுக்கான 600 மட்டும் திரும்பும். கிளம்பும் அன்று காலையில் சொன்னால் சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது, ஒன்றும் வராது.

இதோடு இன்னொரு வரி சேர வேண்டும். காலியான சீட்டுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டால், எத்தனை நாளுக்குள் ரத்து செய்திருந்தாலும் 200 ரூபாய் போக மீதி முழுவதும் திரும்பும். ஒரே சீட்டுக்கு இருவரிடம் காசு வாங்குவதை எந்தக் கணக்கிலும் நியாயம் சொல்ல முடியாது.

சட்டமும் இதே திசையில்தான் இருக்கிறது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு அளவுக்கே வாங்கலாம் என்கிறது. நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்துவது ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே, அவ்வளவுதான் என்று நினைக்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. ரத்து செய்வது பயணி மட்டுமல்ல. எட்டுப் பேராவது சேராவிட்டால் வேன் கிளம்பினால் நஷ்டம் என்பது டிராவல்ஸுக்கு நன்றாகவே தெரியும். ஆனால், நோட்டீஸில் அது இருக்காது. வெள்ளி மதியம் போன் வரும்: ‘சார், இந்த வாரம் ஆள் சேரலை, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.’ அதற்குள் ரயில் டிக்கெட் ரத்துக்கான நேரம் நெருங்கியிருக்கும், அலுவலகத்தில் லீவும் போட்டாகிவிட்டது. குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை எவ்வளவு, அது சேராவிட்டால் எந்தக் கிழமைக்குள் சொல்வார்கள், முழுப் பணமும் எத்தனை நாளில் திரும்பும் என்ற மூன்றும் எழுத்தில் வேண்டும். ‘அடுத்த டூரில் கழித்துக்கொள்ளலாம்’ என்பதைப் பயணி விரும்பினால் ஏற்கலாம். கட்டாயப்படுத்த முடியாது.

டிராவல்ஸ், பயணி இருவர் மேலும் தப்பில்லாமல் டூர் நின்றுபோவதும் உண்டு. இதில் நாடே பார்த்த உதாரணம் 2020 மார்ச் ஊரடங்கு. விமான டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-ம் தேதி உத்தரவிட்டது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கு விமான நிறுவனம் பணம் கொடுத்ததும், ஏஜென்ட் அதை உடனே பயணிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றது. அப்படியும் ‘யாத்ரா’ என்ற ஆன்லைன் பயண நிறுவனத்தில் 2021-ல் 26 கோடி ரூபாய்க்கு மேல் பயணிகள் பணம் நிலுவையில் இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தொடர்ந்து விசாரித்து, மீதமிருந்த சுமார் 2.5 கோடியையும் கொடுத்து முடிக்கச் சொல்லி 2024 ஜூன் 27-ம் தேதி உத்தரவு போட்டது. ஊரடங்கு முடிந்து நாலு வருஷம்!

சங்கரன்கோவில் வேனுக்கும் இதே அளவுகோல்தான். கனமழையால் டூர் நின்றால், வேன்காரரிடமும் லாட்ஜிலும் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாத தொகை போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்தத் தொகைக்கு ரசீது காட்டவும் தயாராக இருக்க வேண்டும்.

ஆடித்தபசு வாரத்தில் மட்டும்...

தேதியையும் பார்க்க வேண்டும். ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தன்று ஆடித்தபசு. அரியும் அரனும் ஒன்றாகக் காட்சி தர வேண்டும் என்று கோமதி அம்மன் தவமிருந்த நாள். பல ஊர்களிலிருந்தும் கூட்டம் திரண்டு வரும். அன்று வேன் கோயில் பக்கமே போக முடியாது, லாட்ஜ் வாடகையும் பழைய வாடகையாக இருக்காது. அந்த வாரம் வழக்கமான பேக்கேஜை ஓட்டாமல் இருப்பதே நல்லது. ஓட்டினால், வண்டி எங்கே நிற்கும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று எழுத வேண்டும்.

சரி, இதையெல்லாம் எழுதினால் நோட்டீஸ் புத்தகமாகிவிடாதா? ஆகாது. இதோ, ஜூலை மாத டூர் ஒன்றுக்கு, முன்னே போட்ட அதே கணக்கில்:

‘சங்கரன்கோவில் 2 நாள் டூர். சனி காலை பொதிகை வந்ததும் ஆரம்பம், ஞாயிறு மாலை 6.30-க்கு ஸ்டேஷனில் விடுவோம். சனி: சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர். மதியம் 1 முதல் 4 வரை அறையில் ஓய்வு. மாலை தாருகாபுரம், தென்மலை. நேரம் இருந்தால் தேவதானம். ஞாயிறு: குற்றாலம், தென்காசி. குளிக்கத் தடை இருந்தால் குளியல் கிடையாது, அருவியைப் பார்த்துவிட்டுத் திருமலைக்கோயில் போவோம். கழுகுமலை இந்த டூரில் இல்லை.

ஒருவருக்கு ஜிஎஸ்டி உட்பட ரூ.3,675. அடங்குவது: மஞ்சள் போர்டு வேன், இருவருக்கு ஓர் அறை, 5 வேளை சைவ உணவு, கூட வர ஒருவர். சனி காலை குளிக்க 2 அறை தருவோம், மற்ற அறைகள் 12 மணிக்கு. அடங்காதது: ரயில் டிக்கெட், அர்ச்சனை, சிறப்பு தரிசனம், காபி, தண்ணீர்.

8 பேர் சேர்ந்தால்தான் டூர். சேராவிட்டால் புதன் மாலைக்குள் சொல்லி, 7 நாளில் முழுப் பணமும் தருவோம். உங்கள் ரயில் டிக்கெட் ரத்துக் கட்டணம் எங்கள் பொறுப்பல்ல. நீங்கள் ரத்து செய்தால்: 10 நாளுக்கு முன் ரூ.3,300 திரும்பும், 9 முதல் 4 நாளுக்குள் ரூ.1,900, அறையை விட முடியாவிட்டால் ரூ.1,000, 3 நாளுக்குள் ரூ.600, அன்றே என்றால் இல்லை. டூர் நடக்காதவருக்கு ஜிஎஸ்டி ரூ.175 முழுவதும் திரும்பும். உங்கள் சீட்டுக்கு வேறு ஆள் வந்தால் ரூ.200 மட்டும் பிடிப்போம். தேவதானமோ குளியலோ கிடைக்காவிட்டால் பணம் குறையாது.’

போனில் இரண்டு விரல் தள்ளினால் முடிந்துவிடும் நீளம். கடைசி வரியைப் பாருங்கள். அது பயணிக்குச் சாதகமான வரி அல்ல, டிராவல்ஸைக் காப்பாற்றும் வரி. அருவித் தடைக்கும் பூட்டிய கோயிலுக்கும் பணம் கேட்டு யாரும் சண்டைக்கு வர முடியாது. மறைத்து எழுதியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பணம் அனுப்புகிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இந்த வரிகள் இல்லாத நோட்டீஸ் என்றால், வாட்ஸ்அப்பிலேயே கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். போனில் சொன்னது நாளைக்கு நிற்காது. முழுத் தொகையும் வேண்டாம், முன்பணம் மட்டும் அனுப்பி, ரசீது கேட்க வேண்டும். நோட்டீஸின் படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பிரச்னை என்று வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. டிராவல்ஸ் சங்கரன்கோவிலில் இருந்தாலும், பயணி தான் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது சென்னையிலேயே புகார் கொடுக்கலாம். அந்தப் புகாரோடு முதலில் இணைக்க வேண்டிய காகிதம், அந்த நோட்டீஸ்தான்.